சாமி எத்தனை மணிக்குப் புறப்படும்?

பங்குனித் திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டால் கோயில் அலுவலகத் தொலைபேசிக்கு ஓய்வே கிடையாது. கேட்பவர் யாராக இருந்தாலும் கேள்வி ஒன்றுதான்: "சாமி எத்தனை மணிக்குப் புறப்படும்?" அழைப்பிதழ் அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்திருப்பார்கள். கோயில் வாசலில் பதாகை கட்டியிருப்பார்கள். வாட்ஸப்பில் அதையே படம் பிடித்து அனுப்பியிருப்பார்கள். அப்படியும் தொலைபேசி ஒலிக்கிறது. சிலருக்கு அழைப்பிதழ் கைக்கு வரவில்லை. சிலருக்கு வந்தது போன வருடத்துப் படம். சிலர் நேரத்தைப் பார்த்துவிட்டார்கள், ஆனால் அது எந்த நாள் இரவு என்பதில் குழப்பம்.

கணினி நிரல் எழுதுவது என் பிழைப்பு. எங்கள் ஊர்ச் சிவன் கோயில் விழாக் குழுவுக்கு, நிகழ்ச்சி நிரலை மட்டும் காட்டும் ஓர் இணையப் பக்கத்தைக் காசு வாங்காமல் செய்து தருகிறேன் என்று ஒரு கடிதம் கொடுத்தேன். கோயிலுக்குச் செய்து கொடுக்க ஆசைப்படும் இளைஞர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அவர்களிடமிருந்து இப்படிக் கடிதம் வாங்கும் குழுவினருக்கும் உதவும் என்பதால், அதில் என்ன எழுதினேன், ஏன் எழுதினேன் என்பதை இங்கே விளக்குகிறேன்.

கடிதம் இப்படித் தொடங்கியது:

"மதிப்பிற்குரிய அறங்காவலர் குழுத் தலைவர் அவர்களுக்கும் விழாக் குழுவினருக்கும் வணக்கம். பத்து நாள் திருவிழாவில் எந்த நாள், எத்தனை மணிக்கு, என்ன வாகனம் என்பதைக் கைப்பேசியில் பார்க்கும்படி ஒரே ஒரு பக்கம் செய்து தர விரும்புகிறேன். அச்சு அழைப்பிதழுக்கு இது மாற்று இல்லை. அழைப்பிதழில் நீங்கள் என்ன போடுகிறீர்களோ அதுவே பக்கத்திலும் வரும். கடைசி நேரத்தில் நேரம் மாறினால், அந்த மாற்றமும் வரும். அவ்வளவுதான்."

கேட்காமல் ஒருவர் தானே பக்கம் போட்டுவிடலாம். தடுக்க ஆளில்லை. ஆனால் அதில் ஒரு நேரம் பிசகினால் பழி கோயிலுக்குத்தான் வரும். எனவே குழுவின் எழுத்து மூலமான அனுமதி முதல் வேலை. கோயில் அறநிலையத் துறையின் கீழ் இருந்தால் செயல் அலுவலரின் ஒப்புதலும் வேண்டும். அந்த வரியைக் கடிதத்தின் முதல் பத்தியிலேயே வைத்தேன்.

படமே போதுமே, தம்பி

குழுத் தலைவர் கேட்ட முதல் கேள்வி இது. "அழைப்பிதழைத்தான் போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்புறோமே தம்பி, அப்புறம் இது எதுக்கு?"

நியாயமான கேள்வி. பதில், அந்தப் படத்தைக் கைப்பேசியில் திறந்து பார்த்தாலே தெரியும். நான்கு பக்க அழைப்பிதழ் ஒரு சாண் திரையில் வரும்போது எழுத்து எறும்பு அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. பெரிதாக்கினால் நாள் ஒரு பக்கமும் நேரம் இன்னொரு பக்கமுமாக ஓடிப்போகிறது. பார்வையற்ற ஒருவரின் கைப்பேசி எழுத்தை வாய்விட்டு வாசிக்கும், படத்துக்குள் இருக்கும் எழுத்தைப் பெரும்பாலும் வாசிக்காது. இவற்றையெல்லாம் விடப் பெரிய சிக்கல், படம் ஒரு முறை கைமாறிவிட்டால் அதைத் திருத்த முடியாது என்பதுதான். தேர் நேரம் மாறினால் புதுப் படம் அனுப்பலாம். பழைய படமும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

பக்கத்தை எழுத்தாகவே செய்தால் அளவும் சிறிதாகிவிடும். கணினியில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் இடம் பிடிக்கும். பத்து நாள், நாளுக்குக் காலையும் இரவுமாக இருபது நிகழ்ச்சிகள். ஒவ்வொன்றுக்கும் நூற்றைம்பது குறிகள் என்று வைத்தாலும் மொத்தம் ஒன்பது கிலோபைட். பக்கத்தின் கட்டமைப்பையும் சேர்த்தால் பதினைந்து கிலோபைட் வரும். வாட்ஸப்பில் வரும் அழைப்பிதழ்ப் படம் ஒன்றே சில நூறு கிலோபைட் இருக்கும். தேரடியில் ஆயிரக்கணக்கானோர் கூடி சிக்னல் திணறும் நேரத்தில்தான் இந்த வித்தியாசம் தெரியும். படம் சுற்றிக்கொண்டே நிற்கும், எழுத்து வந்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. "அச்சகத்தில் ஃபைல் இருக்கு, அதையே வாங்கிப் போட்டுக்கோ" என்று குழு சொல்லும். வாங்கித் திறந்தால் பல சமயம் இப்படி இருக்கும்: `jpUtpoh`. இது "திருவிழா"தான். பல அச்சகங்கள் இன்றும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்கின்றன. அவற்றில் ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வேடம் போட்டிருக்கிறார்கள். எழுத்துரு இருக்கும் கணினியில் தமிழாகத் தெரியும், கைப்பேசியில் வேடம் கலைந்துவிடும். யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன. ஆனால் மாற்றிய பிறகு அச்சுப் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி ஒருவர் வாசிக்க, இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். இருபது நிகழ்ச்சிகள்தான் என்பதால் நேராகத் தட்டச்சு செய்வதே எளிது என்று கடிதத்தில் எழுதினேன்.

இரவு 12.30 எந்தத் தேதி?

நிகழ்ச்சி நிரல் என்றால் ஒரு பட்டியல்தானே, இதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். கஷ்டம் தேதியில் இருக்கிறது.

பங்குனிப் பெருவிழா நடக்கும் பல சிவன் கோயில்களில் ஐந்தாம் நாள் இரவு ரிஷப வாகனம். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில் அந்த ஒரு காட்சிக்காகவே நள்ளிரவு தாண்டியும் கூட்டம் நிற்கும். எங்கள் ஊரிலும் ஐந்தாம் நாள் ரிஷபம் கிளம்ப இரவு பன்னிரண்டரை ஆகும். 2026 மார்ச் 23 திங்களன்று கொடியேற்றம் என்று வைத்துக்கொண்டால், ஐந்தாம் நாள் மார்ச் 27, வெள்ளிக்கிழமை. ஊர்க்காரர் எல்லாரும் அதை வெள்ளிக்கிழமை இரவு என்றுதான் சொல்வார்கள். பஞ்சாங்கத்துக்கும் நாள் சூரிய உதயத்தில்தான் தொடங்குகிறது. ஆனால் கைப்பேசிக்கு நள்ளிரவு பன்னிரண்டு அடித்ததும் மார்ச் 28, சனிக்கிழமை.

இதை யோசிக்காமல் பக்கம் செய்தால் என்ன ஆகும்? "மார்ச் 28, 12.30" என்று போட்டால் சனிக்கிழமை மதியம் ஒரு கூட்டம் வரும், சனிக்கிழமை இரவு இன்னொரு கூட்டம் வரும். "மார்ச் 27, 12.30" என்று போட்டால், கைப்பேசியின் நாட்காட்டியில் குறித்து வைத்தவருக்கு வியாழன் நள்ளிரவிலேயே மணி அடிக்கும். இன்னொரு கோளாறும் உண்டு. "இன்றைய நிகழ்ச்சிகள்" என்று அன்றன்றைக்கு உரியதை மட்டும் காட்டும்படி நிரல் எழுதுவது வழக்கம். அப்படி எழுதினால், வெள்ளி இரவு 12.05-க்குக் கோபுர வாசலில் நின்றுகொண்டு ஒருவர் பக்கத்தைத் திறக்கும்போது ரிஷப வாகனம் காணாமல் போயிருக்கும். ஐந்தாம் நாள் முடிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு ஆறாம் நாள் காலை நிகழ்ச்சியை அது காட்டும்.

தீர்வு, விழா நாளையும் கடிகார நேரத்தையும் தனித்தனியாக எழுதுவது. மனிதர் படிக்க ஊர் வழக்கு, கணினி படிக்கக் கடிகாரக் கணக்கு. கடிதத்தோடு மாதிரிக்காக இந்த ஒரு வரியை இணைத்தேன்:

```html
<li>
  <b>5-ஆம் நாள் இரவு</b>
  <time datetime="2026-03-28T00:30+05:30">
    மார்ச் 27 வெள்ளி இரவு 12.30 (விடிந்தால் சனி)
  </time>
  ரிஷப வாகனம், பஞ்சமூர்த்திகள் வீதியுலா
</li>
```

`datetime` என்று இருப்பது கணினிக்கு. அதன் கடைசியில் உள்ள `+05:30` இந்திய நேரம் என்பதற்கான அடையாளம். அடுத்த வரி நமக்கு. "விடிந்தால் சனி" என்று போட்டுவிட்டால் எங்கள் ஊரில் யாருக்கும் சந்தேகம் வராது. சிங்கப்பூரில் இருக்கும் உறவினர் திறந்தாலும் 12.30 என்றே காட்ட வேண்டும் என்பதையும் எழுதினேன். அந்த ஊர் நேரத்துக்கு மாற்றி 3.00 என்று காட்டினால், அவர் அதைப் பார்த்து இங்குள்ள அம்மாவுக்குத் தவறாகச் சொல்லிவிடுவார்.

எந்த நாள் கொடியேற்றம், எந்த நாள் தேர் என்பதைப் பக்கம் தானாகக் கணிக்காது என்றும் தெளிவாகச் சொன்னேன். சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்கச் சராசரியாக இருபத்து நான்கு மணி பதினேழு நிமிடம் ஆகிறது. எனவே உத்திரம் ஒரு நாள் பிற்பகலில் தொடங்கி மறுநாள் பிற்பகலில் முடியலாம். அதில் எந்த நாளை எடுப்பது என்பதில் வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதமும் வேறுபடக்கூடும். கோயில் எதைப் பின்பற்றுகிறதோ அதைப் பார்த்துக் குருக்கள் குறித்துக் கொடுப்பதே முடிவு. இணையத்தில் கிடைக்கும் நாட்காட்டிச் செயலியிலிருந்து தேதியை எடுத்துப் போடும் வேலையே கூடாது.

மேல், உள், சுமார்

அழைப்பிதழில் எல்லா நேரமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. கொடியேற்றத்துக்கு "காலை 9.15 மணிக்கு மேல் 10.15 மணிக்குள் ரிஷப லக்னத்தில்" என்று இருக்கும். இது முகூர்த்தம். இரண்டு எல்லையும் முக்கியம். இரவு வீதியுலாவுக்கு "8.00 மணிக்கு மேல்" என்று இருக்கும். இதற்குத் தொடக்கம் மட்டும்தான் உண்டு. தேருக்கு "காலை 7.00 மணிக்கு வடம் பிடித்தல்" என்று இருக்கும். தேர் எத்தனை மணிக்கு நிலைக்கு வரும் என்று எவராலும் சொல்ல முடியாது.

நிரல் எழுதுபவர்கள் இங்கே அவசரப்பட்டு, எல்லாவற்றுக்கும் தொடங்கும் நேரம் ஒன்று, முடியும் நேரம் ஒன்று என்று இரண்டு கட்டம் போட்டுவிடுவார்கள். முடியும் நேரம் தெரியாத இடத்தில் ஏதாவது ஒன்றை நிரப்பியாக வேண்டி வரும். அப்படி நிரப்பிய "இரவு 11.00" என்பதை நம்பி, பத்தேமுக்காலுக்குத் தெற்கு வீதியில் காத்திருப்பவர் சாமி போய்விட்டதாக நினைத்து வீட்டுக்குத் திரும்பிவிடுவார். எனவே அழைப்பிதழில் இல்லாத எந்த நேரமும் பக்கத்தில் வராது என்பதைக் கடிதத்தில் ஒரு விதியாகவே வைத்தேன். முகூர்த்தத்துக்கு மட்டும் இரண்டு நேரம். மற்றவற்றுக்கு அழைப்பிதழில் உள்ள சொல்லே.

ஒன்றே ஒன்றைக் கூடுதலாகக் கேட்டேன். இரவு 8.00 என்பது அபிஷேகமா, மண்டபத்தில் தீபாராதனையா, கோபுர வாசலில் புறப்பாடா? அழைப்பிதழில் பெரும்பாலும் "இரவு 8.00 பூத வாகனம்" என்று மட்டும் இருக்கும். அலங்காரம் முடிந்து, தீபாராதனை ஆகி, சாமி வாசலுக்கு வர ஒன்றரை மணி நேரம்கூட ஆகலாம். முழங்கால் வலியோடு வரும் ஒரு பாட்டிக்கு இந்த வித்தியாசம் தெரிந்தால் போதும். தொலைபேசியில் வரும் கேள்விகளில் பெரும்பங்கு இதுதான் என்று அலுவலக எழுத்தரும் சொன்னார்.

மழை வந்தால் யார் மாற்றுவது?

பக்கம் செய்வது ஒரு வார இறுதி வேலை. அதைத் திருவிழா நடக்கும் பத்து நாளும் சரியாக வைத்திருப்பதுதான் உண்மையான வேலை. அதனால் கடிதத்தின் நீண்ட பத்தி இதைப் பற்றியது.

மாற்றம் மூன்று வகைதான்: நேரம் தள்ளிப்போவது, நிகழ்ச்சி ரத்தாவது, வீதி மாறுவது. எது நடந்தாலும் முடிவு சொல்லக்கூடியவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். குழுவில் ஒருவரை எழுத்து மூலம் நியமித்து, அவர் சொன்னால் மட்டுமே பக்கம் மாறும் என்று கேட்டுக்கொண்டேன். "மேளக்காரர் சொன்னார்", "டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்" என்பதற்கெல்லாம் பக்கம் மாறக் கூடாது. மாற்றத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் வேண்டும். நான் ஒருவன், உள்ளூரிலேயே இருக்கும் இன்னொருவர். நான் ரயிலில் இருக்கும் நேரத்தில்தான் மழை பெய்யும்.

மாற்றத்தை எப்படிக் காட்டுவது என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. எட்டு மணிப் புறப்பாடு ஒன்பதரைக்குப் போனால், எட்டை அழித்துவிட்டு ஒன்பதரை போடுவது சரியில்லை. கையில் அச்சு அழைப்பிதழ் வைத்திருப்பவர், பக்கம்தான் தப்பு என்று நினைப்பார். எட்டின் மேல் கோடு போட்டு, பக்கத்தில் "மழையால் இரவு 9.30-க்கு மாற்றம்" என்று எழுத வேண்டும். பழையதும் புதியதும் சேர்ந்து தெரியும்போதுதான் மாற்றம் என்பது புரியும்.

பக்கத்தின் உச்சியில் "கடைசியாகத் திருத்தியது: மார்ச் 26 வியாழன் மாலை 5.10" என்று ஒரு வரி இருக்கும். கைப்பேசிகள் முன்பு திறந்த பக்கத்தைச் சேமித்து வைத்து அதையே மறுபடி காட்டுவதுண்டு. இந்த வரியைப் பார்த்தால், கண்முன் இருப்பது நேற்றைய பிரதியா இன்றையதா என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு தேதியோடும் கிழமை இருக்க வேண்டும் என்பதும் இதே காரணத்துக்காகத்தான். சாதாரண வருடத்தில் 365 நாள், அதாவது ஐம்பத்திரண்டு வாரமும் ஒரு நாளும். அதனால் அடுத்த வருடம் அதே தேதி வேறு கிழமையில் வரும். போன வருடத்து நிரல் சுற்றிக்கொண்டிருந்தால், கிழமை பொருந்தாததை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

முகவரி யார் பெயரில்?

"எல்லாம் சரி தம்பி, நீ நாளைக்கு அமெரிக்கா போயிட்டா?" இதைக் கேட்டவர் குழுவின் பொருளாளர். கணக்குப் பார்க்கிறவர் கேட்க வேண்டிய கேள்விதான்.

இணைய முகவரிக்கு ஆண்டுதோறும் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். ஆர்வத்தில் தன் பெயரில், தன் மின்னஞ்சலில் பதிவு செய்த தன்னார்வலர் வேறு வேலைக்குப் போய்விட்டால் நினைவூட்டல் மடல் அவருக்குத்தான் போகும், கோயிலுக்கு வராது. காலாவதியான முகவரியை வேறு யாராவது வாங்கிச் சூதாட்ட விளம்பரம் போடுவது இணையத்தில் சாதாரணமாக நடக்கிறது. கோயில் பெயரில் அது வந்தால் எப்படி இருக்கும்? ஆகவே முகவரி கோயில் பெயரில், கோயிலின் மின்னஞ்சலில் பதிவாக வேண்டும். கடவுச்சொல் உறையிலிடப்பட்டு அலுவலகப் பீரோவில் இருக்க வேண்டும். புதுப்பிக்கும் செலவு கோயில் கணக்கில் ஒரு வரியாக ஏற வேண்டும். இவ்வளவு சிறிய பக்கத்தை இலவசமாகவே வைத்துக்கொள்ள இடம் தரும் சேவைகள் இருக்கின்றன. எனவே முகவரிக்குத் தவிர வேறு செலவு இல்லை.

அழைப்பிதழிலும் பதாகையிலும் கியூ.ஆர். கட்டம் போடலாம் என்றேன். அதிலும் கவனிக்க இரண்டு விஷயங்கள். முகவரியை நேராகக் கட்டத்தில் பதிக்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கிறது என்று இடைத்தரகுச் சேவையில் செய்தால், சோதனைக் காலம் முடிந்ததும் கட்டம் வேலை செய்யாமல் போகலாம். பதாகை அச்சாகிக் கட்டிய பிறகு எதுவும் செய்ய முடியாது. அடுத்தது அளவு. எவ்வளவு தூரத்திலிருந்து படிக்க வேண்டுமோ அதில் பத்தில் ஒரு பங்கு அகலம் வேண்டும் என்பது தோராயக் கணக்கு. பத்தடி தூரத்திலிருந்து படிக்க ஓரடிக் கட்டம். அழைப்பிதழில் ஓர் அங்குலம் போதும். சுற்றிலும் வெள்ளை ஓரம் விட வேண்டும். அச்சகத்தார் அழகுக்காக அதை மஞ்சள் கரைக்குள் ஒட்டிவிடுவார்கள்.

உண்டியல் கட்டத்தை, அதாவது நன்கொடைக்கான பணம் செலுத்தும் கட்டத்தை, இந்தப் பக்கத்தில் வைக்க வேண்டாம் என்றும் எழுதினேன். குழுவில் இரண்டு பேருக்கு இதில் வருத்தம். ஆனால் நிரல் பக்கத்தைப் போலவே ஒன்றை யாராவது செய்து, தன் கணக்கின் கட்டத்தை ஒட்டிப் பரப்பிவிட முடியும். "எங்கள் நிகழ்ச்சி நிரல் பக்கத்தில் பணம் கேட்கவே மாட்டோம்" என்று அறிவித்துவிட்டால், பணம் கேட்கும் பக்கம் போலி என்று யாருக்கும் உடனே தெரியும். உபயதாரர் பெயர்களை மண்டகப்படி வரிசைப்படி, அழைப்பிதழில் உள்ள எழுத்து மாறாமல் போடலாம். தொலைபேசி எண் அலுவலகத்துடையது ஒன்று மட்டும்.

குழுவிடம் கேட்டவை

கடிதத்தின் முடிவில் குழு செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொன்னேன். எழுத்தில் அனுமதி. அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன் இறுதிப் பிரதி. மாற்றம் சொல்ல ஒருவர். பக்கத்தை வெளியிடும் முன் குருக்களும் எழுத்தரும் சேர்ந்து ஒரு முறை வாசித்துக் கையெழுத்து. திருவிழா முடிந்த மறுநாள் நிரலை எடுத்துவிட்டு, "இந்த ஆண்டு விழா நிறைவுற்றது, அடுத்த ஆண்டு அழைப்பிதழ் வந்ததும் இங்கே வெளியாகும்" என்று ஒரு வரியை வைப்பேன் என்றும் சொன்னேன். பழைய நிரல் அங்கேயே கிடந்தால் அடுத்த பங்குனியில் அதுவே குழப்பத்துக்கு வித்தாகும்.

கடைசிப் பத்தியைக் குழுவில் சத்தமாகப் படித்தார்கள். அதை அப்படியே தருகிறேன்:

"பக்கத்தைக் கவனிக்க ஆள் இல்லாத வருடம் வந்தால் அதை மூடிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பக்கம் இல்லையென்றால் மக்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்டுக்கொள்வார்கள். தவறான நேரத்தோடு பக்கம் இருந்தால் கேட்காமலேயே நம்பி வந்துவிடுவார்கள்."

தலைவர் மற்றவர்களைப் பார்த்தார். "மாத்தச் சொல்ற ஆளா எழுத்தரையே போட்டுக்கலாமா?" என்றார். விவாதம் அதன் பிறகு அனுமதி கொடுப்பதா என்பதைப் பற்றி இல்லை. எழுத்தர் விடுப்பில் போனால் யார் என்பதைப் பற்றியே நடந்தது.